பத்து லட்சமாவது எண்ணுக்கு 25 பெருக்கல்

1, 1, 2, 3, 5, 8, 13 என்று நீளும் ஃபிபனாச்சி வரிசையில், மூன்றாம் எண் முதல் ஒவ்வொன்றும் தனக்கு முந்தைய இரண்டின் கூட்டுத்தொகை. பத்து லட்சமாவது எண் வேண்டுமென்றால்? ஒவ்வொன்றாகக் கூட்டினால் கிட்டத்தட்ட பத்து லட்சம் கூட்டல். 25 பெருக்கலிலும் முடிக்கலாம்.

அந்த வழியின் வேர் இந்திய யாப்பிலக்கணத்தில் இருக்கிறது. அசைகளைக் குறிலும் நெடிலுமாக எத்தனை விதமாக அடுக்கலாம் என்று பார்த்த பிங்கலர், 2இன் அடுக்கைக் கணக்கிட ஒரு விதி சொன்னார். அடுக்கு இரட்டைப்படையானால் பாதியாக்கு, ஒற்றைப்படையானால் ஒன்றைக் கழி. திரும்பி வருகையில், பாதியாக்கிய இடத்தில் வர்க்கப்படுத்து, கழித்த இடத்தில் இரட்டிப்பாக்கு. ஃபிபனாச்சி வரிசையும் யாப்பில்தான் முதலில் தெரிந்தது. பீசா நகரத்து ஃபிபனாச்சி 1202இல் எழுதுவதற்கு முன்பே விரகாங்கரும் ஹேமசந்திரரும் மாத்திரைக் கணக்கில் அதைக் கண்டிருந்தார்கள்.

ஆனால் பிங்கலரின் விதி பெருக்கலுக்கானது, இந்த வரிசையோ கூட்டலில் வளர்வது. இரண்டையும் இணைப்பது நான்கே எண்கள் கொண்ட ஓர் அணி:

```
1 1
1 0
```

அடுத்தடுத்த இரண்டு ஃபிபனாச்சி எண்களை இந்த அணியால் பெருக்கினால் அந்த ஜோடி ஓர் இடம் முன்னே நகரும். ஆகவே n இடம் நகர, அணியை n அடுக்குக்கு உயர்த்தினால் போதும். மேல் வரிசையின் வலப்பக்க எண்தான் n-ஆவது ஃபிபனாச்சி எண்.

12ஆவது எண்ணைக் கண்டுபிடித்துப் பார்ப்போம். அணியை வர்க்கப்படுத்தினால் மேல் வரிசை 2, 1. கீழ் வரிசை 1, 1. அதை மறுபடி வர்க்கப்படுத்தினால் நான்காம் அடுக்கு: 5, 3, 3, 2. இன்னொரு முறை செய்தால் எட்டாம் அடுக்கு: 34, 21, 21, 13. 12 என்பது 8 + 4. எட்டாம் அடுக்கை நான்காம் அடுக்கால் பெருக்கினால் அந்த மூலையில் 34×3 + 21×2, அதாவது 144. பதினொரு பெருக்கலுக்குப் பதில் நான்கு. பத்து லட்சத்துக்கோ 19 முறை வர்க்கம், இடையில் சேர்த்துக்கொள்ள 6 பெருக்கல். அடுக்கு இரு மடங்கானாலும் கூடுவது ஒரே ஒரு வர்க்கம்தான்.

இருந்தாலும் 25 என்பது பெருக்கல்களின் எண்ணிக்கை மட்டுமே. பத்து லட்சமாவது எண்ணுக்கு 2,08,988 இலக்கங்கள். கடைசிப் பெருக்கல்களில் லட்சம் இலக்க எண்கள் மோதுகின்றன, நேரம் பெரும்பாலும் அங்கேதான் போகிறது. கடைசி ஒன்பது இலக்கம் போதுமென்றால், ஒவ்வொரு பெருக்கலுக்குப் பின்னும் 100 கோடியால் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

நிரல் எழுதிப் பார்ப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். குறியுள்ள 64 பிட் முழு எண்ணில் 92ஆவது எண் வரைதான் அடங்கும். 93ஆவது இடத்தில் விடை எதிர்மறையாக வந்தால், பிழை கணித வழியில் இல்லை, எண்ணை வைத்த பெட்டி நிரம்பிவிட்டது.