சண்டையில் பாடம் கேட்ட கிளி

கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஒரு வீட்டில் பேசும் கிளி ஒன்று இருக்கிறது. மாமியாருக்கும் மருமகளுக்கும் நாள் தவறாமல் வாய்த்தகராறு. ஒருநாள் சம்பந்தி வீட்டார் வந்து உட்காருகிறார்கள். காபி டம்ளர் கைக்கு வரும் நேரம் பார்த்து, "மூதேவி, காது என்ன செவிடா?" என்று கூண்டுக்குள்ளிருந்து ஒரு குரல். குரல் அச்சு அசலாக மாமியாருடையது. சிறுகதையாகவோ துணுக்காகவோ மேடைச் சிரிப்பாகவோ இதைக் கேட்காதவர்கள் குறைவு.

இதில் கற்பனை எவ்வளவு, நடப்பு எவ்வளவு? கிளிகளை ஆராய்ந்தவர்கள் கண்டதோடு ஒப்பிட்டால், இந்தக் கதையை எழுதியவர்கள் பெரும்பாலும் சரியாகவே எழுதியிருக்கிறார்கள். ஓர் இடத்தில் மட்டும்தான் கால் சறுக்குகிறது.

இந்த வகைக் கதைகளில் மிகவும் புகழ்பெற்றது பிரான்சில் பிறந்தது. 1734இல் கிரெஸே என்ற இளைஞர் 'வேர்வேர்' என்றொரு நகைச்சுவைக் கவிதைக் கதையை வெளியிட்டார். அவரே அப்போது ஒரு கிறிஸ்தவத் துறவுச் சபையைச் சேர்ந்தவர். நெவேர் நகரக் கன்னியர் மடத்தில் வளரும் கிளிதான் நாயகன். ஜெபம் சொல்லும், பக்திப் பாட்டுப் பாடும். அதன் புகழ் நாந்த் நகரத்து மடம் வரைக்கும் எட்ட, 'எங்களுக்கும் ஒருமுறை காட்டுங்கள்' என்று அங்கிருந்து வேண்டுகோள் வருகிறது. கிளியை லுவார் ஆற்றில் படகேற்றி அனுப்புகிறார்கள். அங்கேதான் வினை. படகில் இருந்தவர்கள் படகோட்டிகளும் படைவீரர்களும். நாந்த் மடத்தில் கன்னியர்கள் கூடி நின்று ஆவலோடு காத்திருக்க, கிளி வாயைத் திறந்தால் அத்தனையும் படகுத்துறைப் பேச்சு! காதைப் பொத்திக்கொண்டு ஓடியவர்கள், வந்த வழியே அதைத் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். சொந்த மடத்தில் தனிமைச் சிறை, தவம், மன்னிப்பு எல்லாம் முடிந்து, கடைசியில் அன்புமிகுதியால் ஊட்டிய இனிப்பைத் தின்று தின்றே கிளி செத்துப்போகிறது. கதை பிரான்ஸ் முழுக்கச் சிரிப்பை மூட்டியது, மடங்கள் சிரிக்கவில்லை. அடுத்த ஆண்டே கிரெஸே சபையை விட்டு வெளியேறினார்.

ஒரு படகுப் பயணத்துக்குள் கிளி இவ்வளவு கற்றுவிடுமா என்று கேட்கத் தோன்றும். இதற்கு விடை 1975இல் கிடைத்தது. ஜெர்மானிய ஆய்வாளர் டீட்மார் டோட், ஆப்பிரிக்கச் சாம்பல் கிளிகளுக்குப் புதுவிதமாகப் பேச்சுப் பயிற்சி கொடுத்தார். அதுவரை வழக்கம், கிளிக்கு எதிரே நின்று ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லி, சொன்னால் ஒரு கடலை கொடுப்பது. டோட் கிளியிடம் பேசவே இல்லை. கிளி பார்த்துக்கொண்டிருக்க, இரண்டு மனிதர்களைத் தங்களுக்குள் பேசவைத்தார். ஒருவர் கேட்பார், மற்றவர் பதில் சொல்வார். பதில் சொல்பவருக்கு முழுக் கவனமும் கிடைக்கும். கிளிக்கு அந்த இரண்டாம் ஆள் போட்டியாளர். அந்தக் கவனம் தனக்கு வேண்டும் என்ற ஏக்கத்திலேயே, அந்த ஆள் சொன்ன பதிலைக் கிளி வியக்கத்தக்க வேகத்தில் பிடித்துக்கொண்டது.

அமெரிக்காவில் ஐரீன் பெப்பர்பெர்க் இதே முறையை விரிவாக்கினார். அவருடைய அலெக்ஸ் என்ற சாம்பல் கிளி உலகப் புகழ்பெற்றது; 1977இல் ஒரு வளர்ப்புப் பிராணிக் கடையில் வாங்கியது. நிறம், வடிவம், எண்ணிக்கை என்று சுமார் நூறு சொற்களைப் பொருள் பிசகாமல் சொல்லிவந்த அலெக்ஸ் 2007இல் இறந்தது. பெப்பர்பெர்க் செய்த முக்கியமான மாற்றம், இரண்டு மனிதர்களும் இடையிடையே இடம் மாறிக்கொண்டதுதான். கேட்டவர் பதில் சொல்வார், பதில் சொன்னவர் கேட்பார். சரியாகச் சொன்னால் கேட்ட பொருள் உடனே கைக்கு வரும். தப்பாகச் சொன்னால் அதட்டல் விழும், பொருள் பார்வையிலிருந்து மறையும். ஒரு சொல்லைச் சொன்னால் என்ன நடக்கிறது என்பதைக் கிளி கண்ணெதிரே பார்க்கும். வெறும் ஒலிப்பதிவை மட்டும் போட்டுக் கேட்கவிட்ட கிளிகள் அந்தச் சொற்களைக் கற்கவே இல்லை என்பதையும் அவருடைய சோதனைகள் காட்டின.

இப்போது நம் மாமியார் வீட்டுக்குத் திரும்புவோம். சமையலறை வாசலில் மாமியார். "மூதேவி, காது என்ன செவிடா?" அடுப்பருகிலிருந்து மருமகள், "கத்தாதீங்க, வர்றேன்!" இரண்டு பேர். நேருக்கு நேர் பார்வை. ஆளுக்கொரு வாக்கியம், அதுவும் குட்டை வாக்கியம். சொன்ன மறுநொடியே விளைவு: முகம் சிவக்கிறது, பாத்திரம் 'ணங்'கென்று விழுகிறது, கதவு அறைகிறது. அடுத்த சுற்றில் மருமகள் கேட்கிறாள், மாமியார் பதில் சொல்கிறார், இடம் மாறிவிட்டது. மறுநாள் காலை அதே வசனம், அதே ஏற்ற இறக்கம். பெப்பர்பெர்க் ஆய்வுக்கூடத்தில் ஆள் வைத்துப் பாடுபட்டு உண்டாக்கிய வகுப்பறை, இந்த வீட்டில் கட்டணமில்லாமல் தினமும் நடக்கிறது. இதற்கு எதிர்ப்புறம், ஞாயிற்றுக்கிழமை கூண்டருகே நாற்காலி போட்டு உட்கார்ந்து "முருகா சொல்லு, முருகா சொல்லு" என்று தாத்தா சலிப்போடு ஒப்பிக்கிறார். கிளி எதைக் கற்கும்? 'நல்லதைச் சொல்லிக்கொடுத்தோம், கெட்டதைப் பிடித்துக்கொண்டது' என்று கிளியைக் குறைசொல்பவர்கள், எது எப்படிச் சொல்லப்பட்டது என்பதை மறந்துவிடுகிறார்கள். வசவு வசவு என்பதற்காகக் கிளி அதைத் தேர்ந்தெடுப்பதில்லை. வீட்டில் மிகுந்த உணர்ச்சியோடு பேசப்படுவது அதுவாக இருக்கிறது, அவ்வளவுதான்.

குரல் இவ்வளவு பொருந்திப் போவதற்கும் காரணம் உண்டு. கிளிக்கு நம்மைப் போலத் தொண்டையில் குரல்நாண் கிடையாது. மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரியும் அடிப்பகுதியில் இருக்கும் உறுப்பிலிருந்துதான் ஒலி பிறக்கிறது. அந்த ஒலியைத் தடித்த, சதைப்பற்றுள்ள நாக்கை முன்னும் பின்னும் நகர்த்தி உருமாற்றுகிறது. உதடு இல்லாததால் 'ப', 'ம' போன்ற ஒலிகள் மட்டும் அதற்குக் கொஞ்சம் சிரமம். ஆனால் இழுப்பு, அதட்டல், இருமல், பெருமூச்சு எல்லாம் அப்படியே வந்துவிடும். விருந்தாளிக்கு 'இது யார் குரல்' என்று சந்தேகமே வராதது அதனால்தான்.

விருந்தாளி முன் ஏன் பேசுகிறது? கதைகள் சறுக்குவது இங்கேதான். புதிய முகத்தைக் கண்டதும் பெரும்பாலான கிளிகள் வாயை மூடிக்கொள்ளும். நாள் முழுக்கத் தொணதொணத்த கிளி, ஆசையாகக் காட்டக் கூப்பிட்டவர்கள் வந்ததும் கழுத்தை ஒடுக்கிக்கொண்டு மூலையில் உட்கார்ந்துவிட்டது என்பதுதான் வளர்ப்பவர்களின் வழக்கமான புலம்பல். பேச்சு சூடுபிடித்து அறையில் சத்தம் ஏறிய பிறகு, அல்லது வந்தவர்கள் எழுந்து வாசலுக்குப் போன பிறகுதான் வாய் திறக்கும். 'காபி கைக்கு வரும் நேரம்' என்பது கதாசிரியரின் தேவை. கிளியின் தேவை அல்ல. ஒருமுறை வாய்விட்டு, அதற்கு எல்லோரும் சிரித்துவிட்டால் மட்டும் கணக்கு வேறு.

அந்தக் கணக்கை உலகம் பார்த்தது 2020இல். இங்கிலாந்தின் லிங்கன்ஷயர் வனவிலங்குப் பூங்காவுக்கு அந்த ஆண்டு ஆகஸ்டில், ஐந்து வெவ்வேறு வீடுகளிலிருந்து ஐந்து ஆப்பிரிக்கச் சாம்பல் கிளிகள் கிட்டத்தட்ட ஒரே வாரத்தில் வந்து சேர்ந்தன. பில்லி, எரிக், டைசன், ஜேடு, எல்ஸி. நோய்த்தொற்று இருக்கிறதா என்று பார்க்க ஐந்தையும் ஒரே அறையில் தனிமைப்படுத்தினார்கள். ஒவ்வொன்றும் தன் வீட்டு வசவு மூட்டையோடு வந்திருந்தது. ஒன்று திட்டினால் இன்னொன்று சிரித்தது. அந்தச் சிரிப்பும் மனிதர்களிடம் கற்றதுதான். ஊழியர்களாலும் சிரிப்பை அடக்க முடியவில்லை. பொதுப் பார்வைக்கு விட்ட சிறிது நேரத்திலேயே வந்தவர்களையும் திட்டத் தொடங்கின. வந்தவர்களோ கோபப்படாமல் ரசித்தார்கள், சிலர் பதிலுக்குத் திட்டினார்கள். குழந்தைகள் காதில் விழுமே என்ற கவலையில்தான் பூங்கா நிர்வாகம் அவற்றைப் பார்வையிலிருந்து அகற்றியது.

இதற்கு மருந்து என்ன? அதட்டினால் பயனில்லை; அதட்டலும் கவனம்தானே. சிரித்தால் இன்னும் மோசம். கூண்டைத் துணியால் மூடுவது அந்த நேரத்துக்கு மட்டும் உதவும். சொல்லைக் கிளியின் நினைவிலிருந்து அழிக்க வழியில்லை. முகத்தில் எந்த மாற்றமும் காட்டாமல் இருந்து, அது வேறு ஏதாவது ஒலி எழுப்பும்போது மட்டும் திரும்பிப் பார்த்து, அந்தச் சொல்லின் பயன்பாட்டைக் குறைக்கலாம். மாதக்கணக்கில் பிடிக்கும். லிங்கன்ஷயர் பூங்கா 2024இல் வேறொரு வழியை முயன்றது. அதற்குள் திட்டும் கிளிகளின் எண்ணிக்கை எட்டு ஆகியிருந்தது. அவற்றை நல்ல பேச்சுப் பேசும் பெரிய கூட்டத்தில் கலந்துவிட்டால், மற்றவற்றின் ஒலிகளைக் கற்று அடங்கும் என்பது திட்டம். கூட்டம் முழுக்கத் திட்டக் கற்றுக்கொள்ளும் ஆபத்தும் இருக்கிறது என்று பூங்கா நடத்துபவரே சிரித்தபடி ஒப்புக்கொண்டார். சாம்பல் கிளிகள் வளர்ப்பில் 40, 50 ஆண்டுகள் வாழக்கூடியவை. திட்டியவர் போன பிறகும் அவர் குரல் வீட்டில் கேட்டுக்கொண்டிருக்கும் என்பதைக் கதாசிரியர்கள் இன்னும் அதிகம் பயன்படுத்தவில்லை என்றே தோன்றுகிறது.

தமிழில் இந்தக் கதையை எழுத நினைப்பவருக்கு இன்னொரு சிக்கல் உண்டு. நம் கதைகளில் கூண்டில் இருப்பது பெரும்பாலும் பச்சைக்கிளி. வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி இந்தியாவின் காட்டுக் கிளி இனங்களைப் பிடிப்பதும் விற்பதும் வீட்டில் வளர்ப்பதும் குற்றம். பழைய காலத்துக் கதை என்று சொல்லிக் கதாசிரியர் தப்பித்துக்கொள்ளலாம். வீட்டில் உண்மையிலேயே பச்சைக்கிளி வைத்திருப்பவர் தப்பிக்க முடியாது. பயந்துபோய்க் கூண்டைத் திறந்துவிடவும் வேண்டாம். குஞ்சிலிருந்தே கூண்டில் வளர்ந்த கிளிக்கு இரை தேடவும் பருந்துக்குத் தப்பவும் தெரியாது. பக்கத்திலுள்ள வனத்துறை அலுவலகத்தில் ஒப்படைத்துவிடுங்கள்.