k-க்குச் சரி என்றால் k+1-க்கும் சரி

1×2, 2×3, 3×4 என்று அடுத்தடுத்த இரண்டு எண்களைப் பெருக்கி, n×(n+1) வரை கூட்டிக்கொண்டே போனால் விடை n(n+1)(n+2)/3. டிஸ்கிரீட் கணிதத் தேர்வில் இதைத் தொகுத்தறிதல் முறையில் நிறுவச் சொல்வார்கள். n = 3 என்று போட்டால் 2+6+12 = 20; சூத்திரமும் 3×4×5/3 = 20 என்கிறது. ஆனால் இப்படி ஆயிரம் எண்களுக்குச் சோதித்தாலும் ஆயிரத்தொன்றாவது எண் நமக்குக் கட்டுப்படும் என்று சொல்ல முடியாது.

தொகுத்தறிதல் முதலில் n = 1-ஐப் பார்க்கிறது. இடப்பக்கம் 1×2 = 2; வலப்பக்கம் 1×2×3/3 = 2. அடுத்து, ஏதோ ஓர் எண் k-க்குச் சூத்திரம் சரி என்று வைத்துக்கொள்கிறோம். நிறுவ வேண்டியதையே வைத்துக்கொள்வது மோசடி இல்லையா என்று பலருக்கும் உறுத்தும். இல்லை. 'k-க்குச் சரியாக இருந்தால் k+1-க்கும் சரி' என்ற இணைப்பை மட்டுமே இங்கே நிறுவுகிறோம். 'எல்லா k-க்கும் சரி என்க' என்று எழுதிவிட்டால்தான் தவறு. அப்புறம் நிறுவ எதுவும் மிச்சமிருக்காது.

k வரையிலான கூட்டலோடு அடுத்த உறுப்பு (k+1)(k+2)-ஐச் சேர்ப்போம்:

k(k+1)(k+2)/3 + (k+1)(k+2)

இந்த இடத்தில் அவசரப்பட்டு அடைப்புகளை விரிப்பவர்கள் k³+6k²+11k+6 என்ற கோவையில் மாட்டிக்கொள்வார்கள். விரிக்கவே வேண்டாம். இரண்டிலும் (k+1)(k+2) பொதுவாக இருக்கிறது. அதை வெளியே எடுத்தால் உள்ளே மிஞ்சுவது k/3 + 1, அதாவது (k+3)/3. ஆக விடை (k+1)(k+2)(k+3)/3. சூத்திரத்தில் n-க்குப் பதில் k+1 போட்டாலும் இதேதான் கிடைக்கும்.

n = 1 வரியைச் சடங்காக நினைத்து விட்டுவிடுகிறவர்கள் உண்டு. அவர்களுக்காக ஒரு பொய்ச் சூத்திரம்: n(n+1)(n+2)/3 + 7. k-யிலிருந்து k+1-க்குப் போகும் படியை இதற்கும் செய்து பாருங்கள். அந்த 7 கூடவே ஒட்டிக்கொண்டு வந்து, படி பிசகில்லாமல் நிறைவேறும். ஒரு கூட்டலுக்கும் அடுத்த கூட்டலுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டுமே அந்தப் படி சோதிப்பதுதான் காரணம். n = 1-இல் 9 வருகிறது, வேண்டியது 2. பொய்யைப் பிடிப்பது அந்த ஒற்றை வரி.

இந்த முறை தராதது ஒன்று உண்டு: சூத்திரம் எங்கிருந்து வந்தது என்பது. அதற்கு k(k+1)(k+2)-இலிருந்து (k−1)k(k+1)-ஐக் கழித்துப் பாருங்கள், 3k(k+1) வரும். இதை 1 முதல் n வரை எழுதிக் கூட்டினால் நடுவில் உள்ளவை எல்லாம் அடிபட்டு n(n+1)(n+2) மட்டும் மிஞ்சும். அதை 3-ஆல் வகுத்ததுதான் நம் சூத்திரம்.