கணக்குக் காவலில் ஓட்டை: அளந்து அறிவிக்கும் முறை

ஒரு நூல் ஆலையை மனத்தில் கொள்வோம். அதன் ஆண்டு விற்பனை 400 கோடி ரூபாய். வரிக்கு முந்திய லாபம் 20 கோடி ரூபாய். ஆலைக்குப் பஞ்சும் உதிரிப் பாகங்களும் தருவோர் பலர். லாரி ஓட்டியும் இயந்திரங்களைப் பழுதுபார்த்தும் கூலி பெறுவோர் பலர். இவர்கள் எல்லோருடைய பெயர்களும் வங்கிக் கணக்கு எண்களும் ஆலையின் கணினியில் ஒரு பட்டியலாக இருக்கின்றன. அப்பட்டியலில் ஒரு புதுப் பெயரைச் சேர்க்கவோ, ஓர் எண்ணை மாற்றவோ வேண்டுமானால், எழுத்தர் அதைப் பதிய வேண்டும். மேலாளர் சரிபார்த்து ஒப்புதல் தர வேண்டும். இதுவே விதி.

தணிக்கையாளர் இத்தகைய மாற்றங்களில் 25-ஐ எடுத்துப் பார்த்தார். மூன்றில் மேலாளரின் ஒப்புதல் இல்லை. ஒப்புதல் இல்லாமலே கணினி அவற்றை ஏற்றுக்கொண்டிருந்தது. மேலும், பட்டியலைத் திருத்தும் எழுத்தரே கூலிச் சீட்டுகளையும் கணக்கில் பதிகிறார் என்பதும் தெரியவந்தது. அம்மூன்று மாற்றங்களையும் துருவி ஆராய்ந்ததில், மூன்றும் உண்மையானவை என்றே விளங்கிற்று. ஒரு காசும் தவறிப் போகவில்லை. "நட்டம் ஒன்றும் இல்லையே, ஆகவே இது சிறு குறைதானே?" என்று மேலாளர் கேட்கிறார்.

இக்கேள்விக்குத் தரும் விடையைப் பொறுத்தே, இச்செய்தி மேலாளரின் மேசையோடு நின்றுவிடுமா, இயக்குநர் குழுவின் முன் செல்லுமா, பங்குதாரர் படிக்கும் அறிக்கையிலேயே இடம்பெறுமா என்பது முடிவாகிறது. எனவே, விடை காணும் முறையைச் சற்று நிதானமாகக் காண்போம்.

நிதிக்கணக்கில் நேரும் பிழையை உரிய காலத்தில் தடுக்கவோ, கண்டுபிடித்துத் திருத்தவோ இயலாதபடி ஒரு கட்டுப்பாடு அமைந்திருந்தாலும் நடந்துவந்தாலும், அல்லது வேண்டிய கட்டுப்பாடே இல்லாதிருந்தாலும், அதைக் குறைபாடு என்கிறோம். குறைபாடுகளில் மூன்று படிகள் உண்டு. முதற்படி சிறு குறைபாடு. இரண்டாவது, குறிப்பிடத்தக்க குறைபாடு. நிறுவனத்தை ஆளும் பொறுப்புடையோரின் கவனத்திற்குக் கொண்டுசெல்லத் தகுந்த அளவு முக்கியமானது. மூன்றாவது, பெரும் பலவீனம். கணக்கைப் படிப்போரின் முடிவையே மாற்றக்கூடிய அளவுக்குப் பெரிய பிழையொன்று தடுக்கப்படாமலும் கண்டுபிடிக்கப்படாமலும் போவதற்கு நியாயமான வாய்ப்பு இருக்கும் நிலை அது.

இந்தியாவில் முதல் இரண்டு படிகளைப் பற்றித் தணிக்கைத் தரநிலை 265 பேசுகிறது. மூன்றாவது சொல் அத்தரநிலையில் இல்லை. 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டத்தின் 143(3)(i) பிரிவு, நிதிக்கணக்கு சார்ந்த உள்கட்டுப்பாடுகள் போதியனவாக உள்ளனவா, செவ்வனே நடைபெறுகின்றனவா என்று தணிக்கையாளர் தனியே கருத்துரைக்க வேண்டும் எனக் கூறுகிறது. சில சிறிய தனியார் கம்பெனிகளுக்கு 2017-இல் விலக்கு அளிக்கப்பட்டது. அப்பிரிவை நடைமுறைப்படுத்த இந்தியப் பட்டயக் கணக்காளர் கழகம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டிக் குறிப்பில்தான் பெரும் பலவீனம் என்னும் படி விரிவாக விளக்கப்படுகிறது.

இனி மேலாளரின் கேள்விக்கு வருவோம். அவர் ஓட்டையின் வழியே எவ்வளவு போயிற்று என்று பார்க்கிறார். தணிக்கையாளரோ எவ்வளவு போகக்கூடும் என்று பார்க்க வேண்டும். வேலியில் ஒரு மாடு நுழையும் அளவு இடைவெளி இருந்தால், இன்றுவரை மாடு வரவில்லை என்பதற்காக வேலி நன்றாக இருக்கிறது என்று நாம் சொல்வதில்லை அல்லவா? பஞ்சாப் நேஷனல் வங்கி 2018 பிப்ரவரியில் வெளியிட்ட செய்தியை நேயர்கள் நினைவுகூரலாம். மும்பைக் கிளை ஒன்றிலிருந்து 'ஸ்விஃப்ட்' என்னும் செய்தி முறையின் வழியே வெளிநாடுகளுக்கு உறுதிமொழிகள் சென்றன. வங்கியின் மையக் கணக்கில் அவை பதிவாகவே இல்லை. இரு முறைகளும் இணைக்கப்படாமல் தனித்தனியே இருந்தன. தொகை 11,000 கோடி ரூபாய்க்கு மேல் என்று அப்போது அறிவிக்கப்பட்டது. வெளித்தெரியாத நாட்களிலும் அந்த இடைவெளி அதே அகலத்தில்தான் இருந்தது.

ஆகவே தணிக்கையாளர் இரண்டு கேள்விகளைக் கேட்கிறார். பிழை நேர நியாயமான வாய்ப்பு உண்டா? நேர்ந்தால் அதன் அளவு எவ்வளவாகலாம்? அளவை ஒப்பிட ஓர் எல்லைக்கோடு வேண்டும். வரிக்கு முந்திய லாபத்தில் 5 விழுக்காட்டை எடுத்துக்கொள்வது பலர் பின்பற்றும் வழக்கம். சட்டம் விதித்த எண் அன்று. நம் ஆலைக்கு அது ஒரு கோடி ரூபாய்.

பட்டியலில் உள்ளவர்களுக்கு ஆலை மாதந்தோறும் 20 கோடி ரூபாய் செலுத்துகிறது. ஒரு மாதத் தொகையே எல்லைக்கோட்டைப் போல் இருபது மடங்கு. இந்நிலையில் நின்று நோக்கினால் குறை மிகப் பெரியதாகத் தோன்றும். ஆனால், ஒரு காவல் தவறினால் அதே பிழையைப் பிடிக்க வேறு காவல் உண்டா என்றும் பார்க்க வேண்டும். இதை ஈடுசெய்யும் கட்டுப்பாடு என்பர்.

20 கோடியில் 18 கோடி சரக்குகளுக்கு உரியது. சரக்கு வந்து சேர்ந்ததற்குக் கிடங்குக் காப்பாளர் தரும் சீட்டு இன்றிப் பணம் வெளியேறுவதில்லை. அந்தக் காப்பாளர் எழுத்தரின் கீழ் வேலை செய்பவர் அல்லர். ஆகவே, இல்லாத ஒரு வணிகரின் பெயரால் சரக்குக் கணக்கு எழுதுவது எளிதன்று. உண்மையான வணிகரின் வங்கி எண்ணை மாற்றிவிட்டால்? மூன்று மாதத்திற்கு ஒருமுறை வேறொரு பிரிவினர் வணிகர்களிடமிருந்து பாக்கிக் கணக்கை வரவழைத்து ஒத்துப் பார்க்கின்றனர். கணக்கை முடிக்குமுன் மார்ச் மாத இறுதிக்கும் அவ்வாறே செய்கின்றனர். பணம் வேறிடம் சென்றிருந்தால் அங்கே அகப்பட்டுவிடும். தணிக்கையாளர் இவ்விரண்டையும் சோதித்தார். இரண்டும் ஒழுங்காக நடந்துவந்தன.

மிஞ்சுவது கூலிக்கும் வாடகைக்கும் உரிய 2 கோடி. பழுதுபார்ப்புக்குக் கிடங்குச் சீட்டு கிடையாது. உண்மையான தொழிலாளி ஒருவருக்குப் பணம் வரவில்லையென்றால் அவர் வந்து கேட்பார். இல்லாத தொழிலாளி கேட்க வரமாட்டார். பட்டியலில் ஒரு பொய்ப்பெயரைச் சேர்த்து, அதே கையால் கூலிச் சீட்டையும் பதிந்துவிட்டால் யார் தடுப்பது? இங்கே ஒரே ஒரு காவல்தான் உண்டு. ஆலையின் தலைமை மேலாளர் ஒவ்வொரு மாதமும் கூலிச் செலவை எதிர்பார்த்த தொகையோடு ஒப்பிட்டு, வேறுபாடு 5 லட்சத்தைத் தாண்டினால் விளக்கம் கேட்கிறார். மாதம் 5 லட்சம் வரை அவர் கண்ணில் படாமல் போகலாம். ஆண்டுக்கு 60 லட்சம். இது ஒரு கோடி என்னும் கோட்டுக்குள் அடங்குகிறது. எனினும், அற்பமான தொகை அன்று. பட்டியலும் சீட்டும் ஒரே கையில் இருப்பதும் கவலைக்குரியது. எனவே இது குறிப்பிடத்தக்க குறைபாடு. பெரும் பலவீனம் அன்று. இவ்வாறே தணிக்கையாளர் முதலில் எழுதிவைத்தார்.

ஈடுசெய்யும் கட்டுப்பாட்டை நம்புமுன் அதையும் சோதித்தாக வேண்டும் என்பது இங்கே மறக்கத் தகாத விதி. ஒப்பீட்டுத் தாள்களை அவர் கேட்டார். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை தாள்கள் இருந்தன. கேள்விகளும் பதில்களும் எழுதப்பட்டிருந்தன. அக்டோபர் முதல் மார்ச் வரை ஒன்றும் இல்லை. தலைமை மேலாளர் புதிய இயந்திரங்களை நிறுவும் வேலையில் ஈடுபட்டிருந்தார். ஆறு மாதங்களில் கூலியும் வாடகையுமாகச் சென்றது 12 கோடி. அதற்கு எந்தக் காவலும் இல்லை. 60 லட்சம் என்ற வரம்பு அந்த ஒப்பீட்டினால் வந்தது. ஒப்பீடு இல்லையேல் வரம்பும் இல்லை. தனித்தனியே நோக்கினால் நடுத்தரமாகத் தோன்றும் இரு குறைகள் ஒரே கணக்கைத் தொடுவதால், சேர்ந்து பெரும் பலவீனமாகிவிட்டன. இப்போதும் நட்டம் ஒன்றும் கண்டறியப்படவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

அடுத்து, அறிவிக்கும் முறை. சிறு குறைபாடுகளில் கவனிக்கத் தக்கவற்றை உரிய மேலாளரிடம் சொன்னால் போதும், வாய்மொழியும் தகும். குறிப்பிடத்தக்க குறைபாட்டை ஆளும் பொறுப்புடையோருக்கு, அதாவது இயக்குநர் குழுவுக்கு அல்லது அதன் தணிக்கைக் குழுவுக்கு, காலந்தாழ்த்தாமல் எழுத்து மூலம் அறிவித்தாக வேண்டும். செலவு அதிகம் என்று கருதி நிர்வாகம் அக்குறையைத் தெரிந்தே விட்டுவைத்திருந்தாலும் இக்கடமை நீங்காது. பொதுவாக நிர்வாகத்துக்கும் அதை எழுத வேண்டும். ஆனால் நிர்வாகத்தின் நேர்மையே ஐயத்துக்கு இடமானால், நேரே குழுவுக்குச் செல்ல வேண்டும். பெரும் பலவீனமாயின், தணிக்கை அறிக்கையில் கையெழுத்திடுமுன்பே இரு சாராருக்கும் எழுதியாக வேண்டும். கட்டுப்பாடுகள் பற்றிய கருத்துரையும் குறையுடையதாகவோ எதிர்மறையாகவோ மாறும். குறிப்பிடத்தக்க குறைபாடு மட்டும் இருந்தால் கருத்துரை மாறுவதில்லை.

அக்கடிதத்தை எழுதும் விதமும் முக்கியம். "பட்டியலைக் கையாளும் கட்டுப்பாடுகளை வலுப்படுத்துதல் நலம்" என்று எழுதினால், குழுவினர் தலையசைத்துவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டுவர். என்ன குறை, அதனால் என்ன நேரலாம் என்ற இரண்டையும் தரநிலை கேட்கிறது. ஆகவே நம் தணிக்கையாளர் இப்படி எழுதலாம்: "வங்கி எண் மாற்றங்களில் சோதித்த 25-இல் 3 ஒப்புதலின்றி நடந்தன. மாற்றம் செய்பவரே கூலிச் சீட்டையும் பதிகிறார். மாதாந்திர ஒப்பீடு அக்டோபர் முதல் நடைபெறவில்லை. அக்காலத்தில் செலுத்திய 12 கோடி ரூபாயில், செய்யாத வேலைக்கான தொகை கலந்திருந்தால் அதைக் கண்டுபிடிக்க ஆலையில் வழி இல்லை." இதில் எவர்மீதும் பழி இல்லை. எழுத்தர் முப்பது ஆண்டு நேர்மையாக உழைத்தவராக இருக்கலாம். காவல் இல்லாத இடத்தில் நாளை ஏதேனும் காணாமற்போனால், முதலில் ஐயத்துக்கு உள்ளாகப் போகிறவரும் அவரே.

கடிதத்தைப் பெற்ற மேலாளர், இன்றே ஒப்புதல் முறையைச் சரிசெய்துவிட்டால் கருத்துரை மாறாதா என்று கேட்கலாம். கருத்துரை ஆண்டிறுதி நாளின் நிலையைப் பற்றியது. மார்ச் 31-க்கு முன்பே திருத்தி, அம்முறை சில மாதங்களேனும் நடந்து, தணிக்கையாளர் சோதிக்கும் அளவுக்குச் சான்றுகளும் சேர்ந்திருந்தால், பெரும் பலவீனம் நீங்கியதாகக் கொள்ளலாம். மார்ச் 30 அன்று போட்ட கையெழுத்து அதற்குப் போதாது. குறையை ஆண்டின் நடுவிலேயே கண்டு உடனே அறிவிக்க வேண்டும் என்பதன் பொருள் இதுவே. சென்ற ஆண்டு அறிவித்த குறை இவ்வாண்டும் திருத்தப்படாதிருந்தால், பழையது என்று விட்டுவிடாமல் மீண்டும் எழுத வேண்டும். அது திருத்தப்படாமையே குழுவின் மேற்பார்வையைப் பற்றிய கேள்வியாகிவிடுகிறது.

இனி ஓர் ஐயம். கட்டுப்பாடு பற்றி எதிர்மறைக் கருத்துரை இருக்கையில், கணக்கு சரியென்று அதே தணிக்கையாளர் கூறலாமா? கூறலாம். நம் ஆலையில் அவர் ஆறு மாதக் கூலிச் சீட்டுகளை விரிவாகப் பிரித்து, வேலை நடந்ததற்கான சான்றுகளோடு ஒப்பிட்டு, பிழை இல்லை என்று தெளிந்தார். அத்தெளிவு அவருடைய உழைப்பினால் வந்தது. ஆலையின் காவலால் வந்ததன்று. வரும் ஏப்ரலில் அவர் அங்கே இருக்கமாட்டார். பட்டியலும் எழுத்தரும் இருப்பார்கள். அதனால்தான் அக்கடிதம் இயக்குநர்களின் கைக்குப் போய்ச் சேர வேண்டும்.