நாய்க்கடி ஊசிக்கு நாள் குறிக்கும் அட்டை

(வானொலி உழவர் நிகழ்ச்சியில் பேசியது)

நாய் கடித்தால் ஊசி போட வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். முதல் ஊசிக்கு அலறியடித்துக்கொண்டு ஓடி வருகிறோம். கடைசி ஊசிக்குத்தான் ஆள் வருவதில்லை. கேட்டால், "புண்ணுதான் ஆறிப்போச்சே, இன்னும் எதுக்கு ஊசி?" என்கிறார்கள். புண் ஆறுவதற்கும் இந்த ஊசிக்கும் சம்பந்தம் இல்லை. வெறிநோய்க் கிருமி நரம்பு வழியாக மெல்ல மூளையை நோக்கி ஏறுகிறது. அதற்கு வாரக்கணக்கோ மாதக்கணக்கோ ஆகலாம். நோய் வெளியே தெரிந்துவிட்டால் பிறகு காப்பாற்ற மருந்து கிடையாது. அதற்குள் உடம்பில் எதிர்ப்புச் சக்தியை உண்டாக்கத்தான் நாள் கணக்கு வைத்து ஊசி போடுகிறார்கள்.

அந்த நாள் கணக்கை ஆஸ்பத்திரிச் சீட்டிலிருந்து எடுத்து, தேதியோடும் கிழமையோடும் ஒரு கெட்டி அட்டையில் எழுதி வைப்பது எப்படி என்று இன்று பார்ப்போம். ஒரு பையனை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம்.

2025 ஜனவரி 27, திங்கட்கிழமை மாலை. பக்கத்துத் தோட்டத்து நாய் பையனின் கெண்டைக்காலில் கடித்து ரத்தம் வந்துவிட்டது. வீட்டில் சுண்ணாம்பு தடவிவிட்டுச் சும்மா இருந்துவிட்டார்கள். அது தவறு. குழாயடியில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே கிளம்பியிருக்க வேண்டும். புதன்கிழமை, தை அமாவாசையன்று, ஜனவரி 29-ஆம் தேதிதான் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்தார்கள். தாமதமானாலும் வந்தது நல்லது. 'நாள் ஓடிவிட்டது, இனிப் பயனில்லை' என்று யாரும் வீட்டிலேயே இருந்துவிடக் கூடாது.

சீட்டில் இருந்தது இதுதான்: கடித்த நாள் 27. காயம் மூன்றாம் வகை. டி.டி. போடப்பட்டது. காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் போடப்பட்டது. நாய்க்கடித் தடுப்பூசி, தோலுக்குள், முதல் தவணை 29. பிறகு '0, 3, 7, 28' என்று நான்கு எண்கள்.

இதில் டி.டி. என்பது டெட்டனஸ் ஊசி. அது நாய்க்கடி ஊசி ஆகாது. 'ஒரு ஊசி போட்டாச்சு' என்று அதைக் கணக்கில் சேர்த்துவிடாதீர்கள்.

மூன்றாம் வகை என்றால் தோல் கிழிந்து ரத்தம் வந்த கடி. தடுப்பூசி உடம்பில் வேலை செய்ய ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். அதுவரை காவல் இருக்கத்தான் இம்யூனோகுளோபுலினைக் காயத்துக்குள்ளும் சுற்றியும் போடுகிறார்கள். முதல் நாளே போடுவது நல்லது. மருந்து இல்லையென்று பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினால் உடனே போய்விடுங்கள். முதல் தடுப்பூசியிலிருந்து ஏழாம் நாளைத் தாண்டினால் அதைப் போடுவதில்லை.

இப்போது தேதி குறிப்போம். பையனின் அப்பா விரல் விட்டு எண்ணினார். "இருபத்தொன்பது, முப்பது, முப்பத்தொண்ணு... மூணாம் நாள் முப்பத்தொண்ணுதானே நர்சம்மா?" என்றார்.

"இல்லைங்கய்யா. சீட்டுல முதல் நாளைப் பூஜ்யம்னு போட்டிருக்கோம். இன்னிக்கு எண்ணக் கூடாது. நாளைக்குத்தான் ஒண்ணு" என்றார் நர்சம்மா.

30 ஒன்று, 31 இரண்டு, பிப்ரவரி 1 மூன்று. சரியான நாள் பிப்ரவரி 1.

எண்ணத் தொடங்குவது கடித்த நாளிலிருந்து அல்ல, முதல் தடுப்பூசி போட்ட நாளிலிருந்து. அந்த ஒரு நாளிலிருந்தே எல்லாத் தவணையையும் எண்ண வேண்டும். சிலர் இரண்டாம் ஊசியிலிருந்து ஏழு நாள், மூன்றாம் ஊசியிலிருந்து இருபத்தெட்டு நாள் என்று தொடர்ந்து கூட்டிக்கொண்டே போவார்கள். அப்படிச் செய்திருந்தால் கடைசி ஊசி மார்ச் 8-க்குப் போயிருக்கும். சிலர் '28-ன்னா ஒரு மாசம், அடுத்த மாசம் அதே தேதி' என்பார்கள். 2025 பிப்ரவரியில் 29-ஆம் தேதியே கிடையாது! ஆகவே காலண்டரைப் பார்த்து ஒவ்வொரு நாளாக எண்ணுங்கள்.

பையனின் அட்டை இப்படி அமைந்தது:

கடித்த நாள்: ஜனவரி 27, திங்கள்
முதல் ஊசி (0): ஜனவரி 29, புதன் – போட்டாச்சு
இரண்டாம் ஊசி (3): பிப்ரவரி 1, சனி
மூன்றாம் ஊசி (7): பிப்ரவரி 5, புதன்
நான்காம் ஊசி (28): பிப்ரவரி 26, புதன்
நாயைக் கவனிப்பது: பிப்ரவரி 6, வியாழன் வரை

எழுதியது சரியா என்று பார்க்கச் சுலபமான வழி உண்டு. 7-ம் 28-ம் முழு வாரக் கணக்கு. ஆகவே முதல் ஊசி புதன் என்றால் மூன்றாவதும் நான்காவதும் புதனாகவே வர வேண்டும். வேறு கிழமை வந்தால் எங்கோ தப்பாக எண்ணிவிட்டீர்கள்.

நாயைக் கவனிக்கும் வரிக்கு மட்டும் கடித்த நாளிலிருந்து பத்து நாள் எண்ண வேண்டும். கட்டிப்போட்டுக் கவனிக்கக்கூடிய வளர்ப்பு நாய்க்குத்தான் இந்த வரி. 'நாய் என்ன ஆகுதுன்னு பார்த்துட்டு ஊசி போடலாம்' என்று காத்திருக்கக் கூடாது. நாய் செத்தாலும் காணாமல் போனாலும் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். பத்து நாளும் நன்றாக இருந்தாலும் மிச்ச ஊசியைப் பற்றி முடிவு செய்ய வேண்டியவர் டாக்டர்தான், நாம் அல்ல.

சீட்டில் 'தோலுக்குள்' என்பதற்குப் பதில் 'தசைக்குள்' என்று இருந்தால் ஐந்து தவணை. 14-ஆம் நாள் ஒன்று கூடும். இந்தப் பையனுக்கு அது பிப்ரவரி 12, அதுவும் புதன்தான். ஆகவே எந்த முறை என்று கேட்டு அட்டையின் தலைப்பிலேயே எழுதிக்கொள்ளுங்கள். தொப்புளைச் சுற்றிப் போட்ட பழைய ஊசி 2004-ஆம் ஆண்டோடு நம் நாட்டில் நின்றுவிட்டது. அந்தப் பயம் வேண்டாம்.

அட்டையைப் பார்த்த அப்பா, "பிப்ரவரி இருபத்தாறு சிவராத்திரியாச்சே, குலசாமி கோயிலுக்குப் போகணுமே" என்றார். "காலையில ஊசியைப் போட்டுட்டு அப்படியே வண்டி ஏறுங்க" என்றார் நர்சம்மா. தேதியாக எழுதியதால்தான் இது ஒரு மாதம் முன்னாலேயே தெரிந்தது. வெறும் '28' என்று இருந்தால் கோயில் வாசலில்தான் ஞாபகம் வந்திருக்கும்.

எப்படியும் ஒரு தவணை தவறிவிட்டால் என்ன செய்வது? மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. விட்டுவிடவும் கூடாது. மறுநாளே போய்ப் போட்டுக்கொள்ளுங்கள். அடுத்த தவணைகளுக்கு இடைவெளி குறையாமல் புதுத் தேதியை அங்கேயே கேட்டு வாங்குங்கள். பையனுக்கு பிப்ரவரி 1 தவறி 3-ஆம் தேதி போட்டிருந்தால், மற்ற இரண்டும் அதேபோல் இரண்டு நாள் தள்ளி 7, 28 என்று ஆகியிருக்கும். பழைய தேதியை அடித்துவிட்டுப் புதியதை எழுதுங்கள்.

ஒவ்வொரு ஊசிக்கும் அட்டையைக் கையில் கொண்டுபோய், போட்டதும் தேதி எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். எல்லாம் முடிந்தபின் அட்டையைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். ரேஷன் கார்டோடு பத்திரமாக வையுங்கள். பின்னொரு நாள் மறுபடி நாய் கடித்தால், முன்பே முழுதாகப் போட்டவர் என்பதற்கு அந்த அட்டைதான் சாட்சி. அப்போது 0, 3 என்று இரண்டே தவணை போதும், இம்யூனோகுளோபுலினும் தேவைப்படாது.