ஒரே பில், இரண்டு படங்கள்

ஒரே கம்பெனியின் விற்பனைப் பிரதிநிதிகள் இருவர் மதுரையில் ஓர் உணவகத்தில் சேர்ந்து சாப்பிடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பில் 1,260 ரூபாய். ஒருவர் மேசையிலேயே அதை நேராகப் படமெடுத்துச் செலவுக் கணக்கில் ஏற்றிவிடுகிறார். மற்றவர் நான்கு நாள் கழித்து, பையில் கசங்கிக் கிடந்த அதே தாளை விரித்து, சாய்வாக ஒரு படம் எடுத்து அனுப்புகிறார். ஏமாற்றும் எண்ணம் இருக்க வேண்டியதில்லை; முதல் ஆள் அனுப்பிவிட்டது இவருக்குத் தெரியாமலே இருந்திருக்கலாம். ஆனால் ஒரே சாப்பாட்டுக்குக் கம்பெனி இரண்டு முறை பணம் கொடுத்துவிடும்.

கணினி இதைப் பிடிக்காதா? ஒரே கோப்பு இரண்டு முறை வந்தால் உடனே பிடித்துவிடும். இங்கே வந்திருப்பது இரண்டு வேறு படங்கள். வெளிச்சமும் கோணமும் வேறு, தாளின் சுருக்கமும் வேறு.

இதற்கு முதலில் கைகொடுப்பதாகத் தோன்றும் வழி, படத்தைச் சுருக்கிப் பார்ப்பது. படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி, அகலத்தில் 9, உயரத்தில் 8 புள்ளிகளாகக் குறுக்கி, ஒவ்வொரு புள்ளியும் பக்கத்துப் புள்ளியைவிட வெளிச்சமா இருட்டா என்று குறித்தால் 64 விடைகள் கிடைக்கும். இரண்டு படங்களின் விடைகள் பெரும்பாலும் ஒத்துப்போனால் அவை ஒரே படம் எனலாம். சாதாரணப் புகைப்படங்களுக்கு இது நன்றாகவே வேலை செய்கிறது. பில்லில் தலைகீழாகிவிடுகிறது. கோணம் மாறினால் ஒரே பில்லின் படங்கள் விலகிப் போகின்றன. அதே உணவகத்தின் வேறு இரண்டு பில்களை நேராக எடுத்தாலோ, அவை ஒன்றுபோல் தெரிகின்றன.

கோணத்தைச் சரிசெய்யக் கணிதம் இருக்கிறது. தட்டையான தாளாக இருந்தால், அதன் நான்கு மூலைகள் போதும். சாய்ந்த படத்தை நேர்ப்படமாக மாற்றிவிடலாம். மூலைகள் தெரியாவிட்டால், எழுத்துகளின் முனைகள் போன்ற தனித்த புள்ளிகளை இரு படங்களிலும் தேடிப் பொருத்துவார்கள். டேவிட் லோ 1999-இல் வெளியிட்ட ‘சிஃப்ட்’ முறை இதற்குப் பேர்போனது. சுருண்ட தாளில் மட்டும் இந்தக் கணக்கு தடுமாறும்.

உண்மையான பொறி அடுத்ததுதான். புள்ளிகள் பொருந்திவிட்டதாலேயே ‘இது அதே பில்’ என்று சொல்லிவிட முடியாது. கடையின் பெயர், முகவரி, சின்னம், நன்றி வாசகம் எல்லாம் அந்தக் கடையின் ஒவ்வொரு பில்லிலும் ஒரே இடத்தில்தான் இருக்கும். அச்சு இயந்திரத்தில் ஒரு சூடேற்றும் புள்ளி பழுதாகி மேலிருந்து கீழாக வெள்ளைக் கோடு விழுந்தால், அதுகூட அந்த இயந்திரத்தில் வரும் எல்லா பில்லிலும் விழும். அதைச் சாட்சியாக எடுப்பது தவறு. கிழிந்த ஓரமும் குழம்புக் கறையும்தான் அந்த ஒரு தாளுக்கு மட்டுமே உரியவை.

ஆகவே, மாறும் எழுத்துகளைப் படித்தாக வேண்டும்: ஜிஎஸ்டி எண், பில் எண், தேதி, நேரம், தொகை. இந்திய ஜிஎஸ்டி விதிகளின்படி ஒரு வியாபாரியின் பில் எண் அந்த நிதியாண்டுக்குள் மறுபடி வரக்கூடாது. அதனால் இரண்டு பில்களிலும் ஜிஎஸ்டி எண்ணும் பில் எண்ணும் ஒத்துப்போனால், அதைவிட வலுவான ஆதாரம் தேவையில்லை. 10,000 பில்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டால் ஏறக்குறைய 5 கோடி ஜோடிகள் வரும். கடை, தேதி, தொகை ஒத்தவற்றை மட்டும் முதலில் பிரித்தெடுத்தால் சில ஜோடிகளே மிஞ்சும்.

மதுரை பில்லுக்கு வருவோம். முதல் படத்தில் பில் எண் 18346, தொகை 1,260. கசங்கிய படத்தில் கணினி படித்தது 13346, தொகை 1,280. இரண்டும் வேறு பில் என்று அது விட்டுவிடக்கூடும். ஆனால் தொகையைச் சரிபார்க்க பில்லிலேயே வழி இருக்கிறது. சாப்பாட்டு விலை 1,200, அதற்கு 5 சதவீத வரி 60. கூட்டினால் 1,260தான் வரும், 1,280 தவறான வாசிப்பு. பில் எண்ணுக்கு இப்படிக் கூட்டிப் பார்க்க வழியில்லை. ஆனால் வேறுபடுவது ஒரே ஓர் இலக்கம், அதுவும் மங்கினால் ஒன்றுபோல் தெரியும் 8-உம் 3-உம். தேதி ஒன்று, நேரமும் நிமிடம் பிசகாமல் 1.42. இவ்வளவும் சேர்ந்தால் சந்தேகத்துக்குப் போதும்.

ஒரே நாளில் ஒரே கடையில் ஒரே விலைக்கு இருமுறை டீ குடித்தவரை இந்தச் சோதனை வீணாகக் குற்றவாளியாக்காது; பில் எண்ணும் நேரமும் அவரைக் காப்பாற்றும். கையால் எழுதிய, எண் போடாத ரசீதுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. வெப்பத்தாளில் அச்சிட்டது நாளடைவில் வெளுத்துவிட்டால் படிக்கவே எழுத்து இருக்காது. அங்கெல்லாம் பணத்தைத் தானாக மறுக்கும் அதிகாரத்தைக் கணினிக்குக் கொடுப்பது நியாயமல்ல. நேராக்கிய இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஐயமான இலக்கத்தை வட்டமிட்டுக் கணக்குப் பிரிவு ஊழியரிடம் காட்டுவதோடு அது நிற்க வேண்டும். அனுப்பியவரைக் கேட்டுவிட்டு அவர் முடிவு செய்யட்டும்.