தவணைத் தேதியை மாற்றினால் வரும் கூடுதல் வட்டி

சம்பளம் 10ஆம் தேதி வருகிறது, வீட்டுக் கடன் தவணையோ 5ஆம் தேதி போகிறது. இப்படி இருப்பவர்கள் வங்கியில் எழுதிக் கொடுத்துத் தவணையை 15ஆம் தேதிக்கு மாற்றிக்கொள்வது நல்ல முடிவுதான். ஆனால் அடுத்த ஸ்டேட்மென்டில் ‘புரோக்கன் பீரியட் இன்ட்ரஸ்ட்’ என்று ஒரு வரி வந்து நிற்கும்போது, ஏதோ அபராதம் போட்டுவிட்டார்கள் என்று பலர் பதறிப்போகிறார்கள். அது அபராதம் அல்ல, கூடுதலாகக் கழிந்த நாட்களுக்கான வட்டி.

அசல் பாக்கி 10 லட்சம், வட்டி 9 சதவீதம், மாதத் தவணை 12,668 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஜூன் 5இல் தவணை கட்டிய பிறகு தேதி மாறுகிறது. அடுத்த தவணை ஜூலை 15. தவணைத் தொகைக்குள் இருப்பது ஒரு மாத வட்டியான 7,500 ரூபாய் மட்டுமே. ஜூலை 5 முதல் 15 வரையிலான 10 நாள் வட்டி அதில் சேரவில்லை. 10 லட்சத்துக்கு ஒரு வருட வட்டி 90,000 ரூபாய். அதை 365ஆல் வகுத்து 10ஆல் பெருக்கினால் 2,466 ரூபாய் வரும். ஆக, ஜூலையில் மொத்தம் 15,134 ரூபாய் கட்ட வேண்டியிருக்கும்.

இந்தத் தொகையைச் சிலர் தவணையோடு சேர்த்துப் பிடிப்பார்கள், சிலர் தனியாகப் பிடிப்பார்கள். அசலில் ஏற்றிவிடுவதும் உண்டு. அப்படி ஏற்றினால் அந்த 2,466 ரூபாய்க்கும் வட்டி ஓடும் என்பதால், கையோடு கட்டிவிடுவதே நல்லது. தேதி மாற்றும் கட்டணமும் அதற்கான ஜிஎஸ்டியும் இருந்தால் அவை வேறு வரியாக வரும்.

கணக்கில் இரண்டு இடங்களைப் பாருங்கள். வட்டி போட்டது இன்றைய அசல் பாக்கிக்கா, முதலில் வாங்கிய கடன் தொகைக்கா? நாள் கணக்கு 10தானா, முழு மாதமாகப் போட்டிருக்கிறார்களா? இந்த இரண்டில் எது தவறினாலும் எழுத்து மூலம் விளக்கம் கேளுங்கள். பாக்கி குறையக் குறைய இந்த வட்டியும் குறையும். ஒரு லட்சம் மட்டும் மீதி இருக்கும்போது இதே 10 நாளுக்கு 247 ரூபாய்தான்.

உண்மையான தொல்லை வேறு இடத்தில் இருக்கிறது. வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பிடிக்க நீங்கள் கொடுத்த மேண்டேட்டில் ஓர் உச்சவரம்பு இருக்கும். அது 13,000 ரூபாய் என்றால், 15,134 ரூபாயை ஒரே தடவையில் கேட்கும்போது கணக்கில் பணம் இருந்தும் தவணை திரும்பிவிடும். பழைய மேண்டேட்டை மாற்றாமல் விட்டால் 5ஆம் தேதியே பணம் கேட்டுவரும் அபாயமும் உண்டு. பவுன்ஸ் ஆனால் கட்டணம் விழும். தவணை பாக்கி நின்றால் சிபில் அறிக்கையிலும் அது பதிவாகும்.

எனவே விண்ணப்பத்தில் கையெழுத்திடும் முன், புதிய தவணை அட்டவணை, முதல் மாதத்தில் பிடிக்கப்போகும் மொத்தத் தொகை, மேண்டேட்டின் வரம்பு ஆகிய மூன்றையும் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.