இரண்டு நிமிட வாய்ஸ் நோட்டில் ஒரு நற்சான்று

"எங்கள் வேலை எப்படி இருந்தது என்று நாலு வரி எழுதிக் கொடுங்களேன்" என்று கேட்டால் பெரும்பாலான வாடிக்கையாளர்கள் மறுப்பதில்லை. "கட்டாயம் தர்றேன்" என்பார்கள். அதோடு சரி, அந்த நாலு வரி வந்து சேராது. காரணம் மனக்கசப்பு அல்ல. என்ன எழுதுவது, எவ்வளவு எழுதுவது, தப்பாகிவிடுமோ என்ற யோசனையிலேயே அது நாளைக்கு, நாளை மறுநாளைக்கு என்று தள்ளிப் போய்விடுகிறது.

கேட்கும் உதவியைச் சிறிதாக்கினால் என்ன ஆகும் என்பதை 1976இல் அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் சியால்டினியும் டேவிட் ஷ்ரோடரும் வெளியிட்ட ஓர் ஆய்வு காட்டியது. புற்றுநோய்ச் சங்கத்துக்காக வீடு வீடாக நன்கொடை கேட்டவர்களில் ஒரு பகுதியினர், "ஒரு பென்னி கொடுத்தாலும் உதவியாக இருக்கும்" என்று ஒரு வாக்கியத்தைக் கூடுதலாகச் சொன்னார்கள். வழக்கமாகக் கேட்டபோது சுமார் 29 சதவீதம் பேர் கொடுத்தார்கள்; அந்த வாக்கியம் சேர்ந்ததும் 50 சதவீதம் பேர் கொடுத்தார்கள். கேட்டது ஒரு பென்னி என்பதால் யாரும் தொகையைக் குறைத்துவிடவும் இல்லை. "என்னால் முடியாது" என்று சொல்ல இடம் இல்லாமல் போனதுதான் வித்தியாசம். நற்சான்று கேட்பதிலும் இதே வழி உதவும்.

ஒரு கற்பனை உதாரணம். கோவையில் கூரை மேல் சோலார் அமைத்துத் தரும் சிறு நிறுவனம் ஒன்று, ஒரு லேத் பட்டறைக்கு 20 கிலோவாட் அமைப்பைப் பொருத்தியிருக்கிறது. வேலை முடிந்த அன்றைக்கே நற்சான்று கேட்டால், "நல்லா செஞ்சாங்க" என்பதைத் தாண்டிச் சொல்ல உரிமையாளருக்கு ஒன்றும் இருக்காது. சோலார் வந்த பிறகான முதல் மின்கட்டண பில்லைப் பார்த்துவிட்டு, "தம்பி, பில்லு நல்லா குறைஞ்சிருக்கு" என்று அவரே போன் செய்கிறார் பாருங்கள், அதுதான் கேட்கவேண்டிய நேரம்.

அப்போதும் எழுதச் சொல்லக் கூடாது. வாட்ஸ்அப்பில் மூன்றே கேள்விகள் போதும்: "அண்ணே, வாங்குறதுக்கு முன்னாடி உங்களுக்கு என்ன சந்தேகம் இருந்துச்சு? இப்ப என்ன மாறியிருக்கு? யாருக்கு இது ஒத்துவரும்னு சொல்வீங்க? டைப் பண்ண வேண்டாம், ரெண்டு நிமிஷம் வாய்ஸ் நோட்டா அனுப்பினா போதும்."

மூன்றில் முதல் கேள்விக்குத்தான் மதிப்பு அதிகம். அடுத்து வாங்கப்போகிறவருக்கும் அதே சந்தேகம்தான் இருக்கும். பட்டறைக்காரர் தன் பதிலில், "தகரக் கூரை தாங்குமா, மழைக்கு ஒழுகுமான்னு பயந்தேன். ஒரு மழைக்காலம் போயிடுச்சு, ஒரு சொட்டு இல்ல. 38 ஆயிரம் வந்த பில்லு இப்ப 21 ஆயிரம். பகல்ல மட்டும் மெஷின் ஓட்டுறவங்களுக்கு நல்லா ஒத்துவரும்" என்கிறார். இதைக் கேட்டு நாலு வரியாக எழுதும் வேலை நிறுவனத்துடையது. "ஒரு சொட்டு இல்ல" என்பதை எடுத்துவிட்டு "தரமான நீர்க்கசிவற்ற பணி" என்று மெருகேற்றினால், படிக்கிறவர் அதை விளம்பரம் என்று ஒதுக்கிவிடுவார். எழுதியதை ஒரு பல் மருத்துவமனையின் பெயரைப் போட்டுப் படித்துப் பார்க்கலாம். அங்கேயும் பொருந்துகிறது என்றால் சொல்லவேண்டியதைச் சொல்லவில்லை என்று பொருள்.

பிறகு அந்த வரிகளையே அனுப்பி, ஒரே ஓர் எண்ணைப் பதிலாகக் கேட்கலாம்: "1 – இப்படியே போடலாம். 2 – பேர் வேண்டாம், ஊர் மட்டும் போடுங்க. 3 – வேண்டாம்." மூன்றாவது எண் இருப்பதால்தான் கேட்பது நெருக்குவதாகத் தோன்றாது. பதிலே வரவில்லை என்றால் அதைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பில்லின் படத்தையும் போடுவதானால் அதற்குத் தனியாக அனுமதி வாங்கி, மின் இணைப்பு எண்ணை மறைக்கவேண்டும்.

வாடிக்கையாளர் பெரிய நிறுவனமாக இருந்தால் இந்த வழி பாதியில் நின்றுவிடும். மேலாளர் மனதாரப் பாராட்டினாலும் நிறுவனத்தின் பெயரைப் பயன்படுத்தும் அனுமதி சட்டப் பிரிவிடமோ தலைமை அலுவலகத்திடமோ இருக்கும். அதனால் ஒப்பந்தம் போடும்போதே அதைப் பேசிவிடுவது நல்லது. அனுமதி கிடைக்காவிட்டால் "கோவையில் உள்ள ஒரு பம்ப் தொழிற்சாலை" என்ற அளவில், அவர்கள் ஒப்புக்கொண்ட எண்களோடு எழுதலாம்.

பாராட்டுக்குப் பதிலாகத் தள்ளுபடி தருகிறேன் என்பது வேறு சிக்கல். கூகுளில் இடும் மதிப்புரைக்குப் பணமோ பரிசோ தருவதை அந்நிறுவனத்தின் விதிகள் தடை செய்கின்றன. இந்தியாவில் 2022 ஜூனில் வெளியான தவறான விளம்பரத் தடுப்பு வழிகாட்டுதல்களின்படி, விளம்பரத்தில் வரும் பரிந்துரை அதைச் சொன்னவரின் உண்மையான, ஓரளவு அண்மைக்கால கருத்தாக இருக்கவேண்டும்.

பட்டறைக்காரர் சொன்ன 21 ஆயிரத்துக்கும் அது பொருந்தும். கட்டண விகிதம் மாறலாம், பேனலில் தூசி படிந்து உற்பத்தி குறையலாம். ஆண்டுக்கு ஒருமுறை, "அண்ணே, பில்லு இப்பவும் அதே அளவுதானா?" என்று ஒரு வரி அனுப்பி, அவர் சொல்லும் எண்ணைத் தேதியோடு திருத்திப் போடவேண்டும். பில் ஏறியிருந்தால் முதலில் போகவேண்டியது பேனலைத் துடைக்கும் ஆள்தான்.